ஊக்கமூட்டும் பேச்சில் எந்த வரியை வெட்டுவது, எதை வைத்துக்கொள்வது?

கேள்வி: "நான் படித்த பாடசாலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் ஊக்கமூட்டிப் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எழுதி முடித்துத் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். 'இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு அண்ணா' என்றாள். எந்த வரிகளை வெட்ட வேண்டும்? வெட்டினால் மிச்சம் ஏதும் இருக்குமா? நான் இருப்பது திருகோணமலை."

தம்பி, நான் நெடுங்காலமாகப் பாடசாலைப் பிள்ளைகளைத் தமிழ்த்தினப் போட்டிப் பேச்சுக்குப் பழக்கி வருகிறேன். கூடவே, மேடையில் ஏற வேண்டி வந்த அலுவலர்கள், தாதியர், வங்கி ஊழியர்கள் என்று பலருடைய பேச்சையும் உட்கார்ந்து திருத்திக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு வந்திருக்கும் பிரச்சினை அநேகமாக அந்தப் போட்டி மேடையில்தான் தொடங்குகிறது. அங்கே அடுக்குமொழி, மேற்கோள், குரலை ஏற்றி இறக்குவது எல்லாவற்றுக்கும் மதிப்பு உண்டு. பதினான்கு வயதில் பழகிய அந்த நடை, முப்பது வயதில் நாம் பேனாவை எடுத்ததும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். போட்டியில் அது குற்றமில்லை. அங்கே பிள்ளை தன் வாழ்க்கையைச் சொல்ல வரவில்லை, தன் தமிழைக் காட்ட வருகிறது. உங்களைக் கூப்பிட்டிருப்பது வேறு வேலைக்கு.

முதலில் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வசனமாக வாசித்து, இதை வேறு ஒருவர், வேறு ஊரில், வேறு பிள்ளைகளுக்கு ஓர் எழுத்தும் மாற்றாமல் சொல்லலாமா என்று பாருங்கள். சொல்லலாம் என்றால் அடியில் ஒரு கோடு. "இன்றைய போட்டி நிறைந்த உலகில்" என்ற வரியை யாழ்ப்பாணத்தில் ஓர் எந்திரியும் சொல்லலாம், மலையகத்தில் ஓர் அதிபரும் சொல்லலாம். கோடு. "நீங்களே நாளைய தலைவர்கள்." கோடு. "நான் இந்தப் பாடசாலையில் படித்தபோது மழை பெய்தால் எங்கள் வகுப்பைப் பக்கத்து வகுப்போடு சேர்த்துவிடுவார்கள்" என்ற வரியை உங்களோடு படித்தவர்களைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. அது தப்பிவிட்டது. முதல் தரம் இதைச் செய்கிறவர்களுக்குப் பக்கம் முழுக்கக் கோடாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், உடனே வெட்டவும் வேண்டாம். கோடு போட்ட வரிகள் எல்லாம் ஒரே சாதி இல்லை. சில மரியாதைக்காக வந்தவை, சில மூச்சு வாங்குவதற்காக வந்தவை, சில நீங்கள் சொல்ல வேண்டிய ஒன்றை மூடிக்கொண்டு நிற்பவை. மூன்றையும் ஒரே மாதிரிக் கையாளக் கூடாது.

மரியாதை வரிகளில் கை வைக்கும்போது கவனம். நம் ஊரில் அதிபரையும் ஆசிரியர்களையும் விளிக்காமல் பேச்சைத் தொடங்கினால் அது புதுமையாகத் தெரியாது, மரியாதைக் குறைவாகத்தான் தெரியும். ஆனால் "அவையை அலங்கரித்துக்கொண்டிருக்கும்" என்று தொடங்கி ஏழெட்டு "அவர்களே" போட வேண்டியதில்லை. அறிவிப்பாளர் ஏற்கெனவே அத்தனை பெயரையும் வாசித்திருப்பார். அதிபர், ஆசிரியர்கள், பெற்றோர், பிள்ளைகள் என்று ஒரே மூச்சில் முடித்துவிடலாம். திருகோணமலையில் ஒரே மண்டபத்தில் வணக்கமும் அஸ்ஸலாமு அலைக்கும்மும் ஆயுபோவனும் சொல்ல வேண்டி வரும். அந்த மூன்றுக்கும் உரிய பிள்ளைகள் முன்னால் இருந்தால் மூன்றையும் சொல்லுங்கள், அதில் வெட்ட எதுவும் இல்லை. நன்றி சொல்வதாக இருந்தால் ஒருவருக்கு, ஒரு காரியத்துக்கு. "இந்த அரிய வாய்ப்பை வழங்கிய அனைவருக்கும்" என்பதை விட, உங்களை அழைக்க வீடு தேடி வந்த ஆசிரியரின் பெயரைச் சொல்வது போதும்.

மூச்சு வாங்கும் வரிகளைப் பற்றி மட்டும் நான் தயக்கமில்லாமல் சொல்வேன்: வெட்டுங்கள், ஒரு நட்டமும் வராது. இவை பெரும்பாலும் வசனத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறவை. "என்று சொன்னால் அது மிகையாகாது", "என்பதில் எவ்வித ஐயமும் இல்லை", "என்றுதான் சொல்ல வேண்டும்", "என்பதை இந்தச் சந்தர்ப்பத்தில் கூறிக்கொள்ள விரும்புகிறேன்". தமிழில் வினை வசனத்தின் கடைசியில் வருகிறது. கேட்கிறவர் அதற்காகக் காத்திருக்கிறார். அது வந்து விழுந்த இடத்தில் நிறுத்தினால் பாரம் அதன் மேலேயே இருக்கும். "எனக்குக் கணக்கு வராது என்று ஆறாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டேன்" என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள். அதே வசனத்துக்குப் பின்னால் "என்பதை இவ்விடத்தில் குறிப்பிட விரும்புகிறேன்" என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதில் பிள்ளையின் காதில் கடைசியாக விழுவது உங்கள் விருப்பம், கணக்கு வராத கதை பின்னுக்குப் போய்விட்டது. "அந்த வகையில்", "உண்மையிலேயே", "குறிப்பாகச் சொல்லப்போனால்" என்று தலையில் ஒட்டுகிறவையும் இதே ரகம்தான். இவை எழுத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும். போனில் பதிவு செய்து கேட்டால் உடனே பிடிபடும்.

இரவல் கதைகளுக்கு அப்புறம் வருகிறேன் என்று தள்ளிப்போடக் கூடாது, ஏனென்றால் உங்கள் பேச்சில் எடிசன் இருப்பார் என்று எனக்குக் கிட்டத்தட்ட நிச்சயம். மின்குமிழைக் கண்டுபிடிக்க ஆயிரம் தரம் தோற்றார், பத்தாயிரம் தரம் தோற்றார் என்று மேடைக்கு மேடை எண்ணிக்கை மாறும். இந்தக் கதையின் பழைய வடிவம் 1910 இல் வெளியான அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. அவருடன் வேலை செய்த மல்லரி என்பவர் சொன்னது அது. விசயம் மின்குமிழ் இல்லை, சேமிப்பு மின்கலம். ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட பரிசோதனைகள் செய்தும் பலன் வரவில்லையே என்று மல்லரி வருத்தப்பட, பலன் நிறைய வந்திருக்கிறது, எவை எவை சரிவராது என்று சில ஆயிரம் தெரிந்துவிட்டதே என்றாராம் எடிசன். இப்படி மூலத்தோடு சொன்னால் கதைக்குப் புது உயிர் வரும், உண்மைதான். ஆனாலும் சாதாரண தரம் எழுதப்போகும் பிள்ளைக்கு எடிசன் எட்டாத தூரம். அந்த ஒரு நிமிடத்தை நீங்கள் எடுத்துக்கொள்வது நல்லது. அப்துல் கலாம் பெயரில் போனில் சுற்றும் வாசகங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். மூலம் தெரியாத வாசகத்துக்குப் பெரியவர் ஒருவரின் பெயரைப் போட்டுச் சொல்வது அவருக்கும் நியாயமில்லை.

இனி மூன்றாவது ரகம். உங்கள் பேச்சு இருப்பதும் இல்லாததும் இங்கேதான் தெரியும், அதனால் ஓர் உதாரணத்தை முழுதாகச் சொல்கிறேன். கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு மருந்தாளர், தான் படித்த பாடசாலையில் பேசுவதற்கு எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவருடைய பேச்சின் நடுப்பகுதி இப்படி இருந்தது: "வாழ்க்கை என்பது ஒரு போராட்டம். நானும் பல இன்னல்களையும் தடைகளையும் தாண்டித்தான் இன்று இந்த நிலைக்கு வந்திருக்கிறேன் என்று சொன்னால் அது மிகையாகாது. தோல்விகளைக் கண்டு துவண்டுவிடாமல் விடாமுயற்சியுடனும் தன்னம்பிக்கையுடனும் போராடினால் வெற்றி நிச்சயம் என்பதற்கு நானே ஓர் எடுத்துக்காட்டு."

இதில் பிழை எதுவும் இல்லை. பொய்யும் இல்லை. ஆனால் "பல இன்னல்கள்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆள், ஒரு கிழமை, ஓர் இடம் இருக்க வேண்டும். எது அந்த இன்னல் என்று கேட்டேன். குப்பி விளக்கில் படித்ததைச் சொன்னார். அதனால் உங்கள் படிப்புக் கெட்டதா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை, அது பழகிவிட்டது என்றார். அப்படியானால் எதனால் முதல் தரம் பரீட்சை சரிவரவில்லை? இரசாயனவியல். ஏன் இரசாயனவியல்? டியூசன் வகுப்பை முழுதாக இருந்து முடிப்பதில்லை. ஏன்? பாதையைப் பிடிக்க வேண்டும். உங்களுக்குத் தெரியும், கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறந்தது. அதற்கு முதல் அந்த நீரைக் கடப்பதற்குப் பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகுதான். அது மறுகரையில் நின்றால் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வா என்பது உம்மாவின் கட்டளை. அதனால் சனிக்கிழமை வகுப்பு முடிய அரை மணித்தியாலம் இருக்கும்போதே அவர் எழும்பிவிடுவார். அந்தக் கடைசி அரை மணித்தியாலத்தில்தான் சேர் கடந்தகாலக் கேள்விகளைச் செய்து காட்டுவாராம்.

இதுவரைக்கும் வந்ததும் அவருக்கே சந்தோசம், நல்ல கதை கிடைத்துவிட்டது என்று. எனக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது. இரண்டாம் தரம் எப்படிச் சரிவந்தது? பாலம் வந்ததா? இல்லை, பாலம் திறந்தபோது இரண்டாவது பரீட்சையும் முடிந்திருந்தது. கூடுதலாகப் படித்தீர்களா? கொஞ்சம். அப்புறம்? அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: உப்புவெளியிலிருந்து வரும் ஒரு பிள்ளையிடம் கொப்பியைக் கேட்டேன். விட்டுப்போன அந்த அரை மணித்தியாலத்தை ஒவ்வொரு கிழமையும் பார்த்து எழுதினேன். முதல் வருசமே கேட்டிருக்கலாமே என்றதற்கு, வெட்கமாக இருந்தது, பாதைக்கு ஓடுகிற பிள்ளை என்று நினைப்பார்கள் என்றார்.

அவர் மேடையில் சொன்னது இதுதான்: "2008 இல் உயர்தரம் எழுதினேன். இரசாயனவியலில் எஃப். அப்போது நம் பாலம் இல்லை. பாதையைப் பிடிப்பதற்காகச் சனிக்கிழமை வகுப்பில் அரை மணித்தியாலம் முன்னுக்கு எழும்பிவிடுவேன். சேர் கேள்விகளைச் செய்து காட்டுவது அந்த அரை மணித்தியாலத்தில். பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் கொப்பியைக் கேட்டிருக்கலாம். ஒரு வருடம் கேட்கவில்லை. வெட்கம். இரண்டாம் வருடம் கேட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள், 'இதக் கேக்க உனக்கு ஒரு வருசமா?'"

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாறியது சொற்கள் மட்டும் இல்லை, பேச்சின் கருத்தே மாறிவிட்டது. முதலில் அவர் விடாமுயற்சியைப் பற்றிப் பேசப்போவதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வாழ்க்கையில் நடந்தது வேறு: விளங்காததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க ஒரு வருடம் எடுத்திருக்கிறது. "விடாமுயற்சி" என்ற சொல் அதை அவரிடமிருந்தே மறைத்துக்கொண்டிருந்தது. அதனால் உங்களிடம் நான் கேட்பது, கோடு போட்ட இந்த வரிகளை வெட்டுவதற்கு முன் ஒவ்வொன்றின் பக்கத்திலும் "எது? எப்போது? யார் இருந்தார்கள்? பிறகு என்ன செய்தேன்?" என்று எழுதிப் பதில் தேடுங்கள். பதில் வந்தால் அந்தப் பதில்தான் பேச்சு. எவ்வளவு தேடியும் பதில் வராத வரியை விட்டுவிடுங்கள். அது உங்களுக்குச் சொந்தமில்லாத கருத்து.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சொந்தக் கதைக்கும் அச்சில் வார்த்த வடிவங்கள் உண்டு. குப்பி விளக்கு, செருப்பில்லாத கால், பசியோடு உறங்கிய தாய். இவை உண்மையாகவே நடந்திருக்கலாம், நம் மாவட்டத்தில் பலருக்கு நடந்தும் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் இவற்றை எத்தனையோ தரம் கேட்டுவிட்டார்கள், அடுத்து என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் கதை இந்த வடிவத்தில் வந்து நின்றால், அந்த வடிவத்துக்குள் அடங்காத ஒன்றைத் தேடுங்கள். அந்த மருந்தாளரின் வெட்கம் அப்படிப்பட்டது. வறுமைக் கதையில் அதற்கு இடமே இல்லை, அதனால்தான் மண்டபத்தில் அது ஒட்டியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கதையில் வருகிற அம்மா, நண்பர், ஆசிரியர் எல்லோரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒருவரின் கடனையோ நோயையோ ஊர் முன்னால் சொல்ல உங்களுக்கு மட்டும் உரிமை இல்லை. யுத்தத்தையும் 2004 சுனாமியையும் ஒரு வரி உவமையாக எடுத்துவிடாதீர்கள். அந்த மண்டபத்தில் இருக்கும் ஆசிரியருக்கோ, ஒரு பிள்ளையின் வீட்டுக்கோ அது உவமை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதற்குச் சொந்தமான காரணம் இருந்தால் நேரம் எடுத்துப் பேசுங்கள், இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

நடையைப் பற்றி நான் சொல்வது அனுபவத்தில் கண்டது, சட்டம் இல்லை. முழுப் பேச்சையும் வீட்டில் கதைப்பது போலக் கதைத்தால் நம் பாடசாலை மேடையில் சிலருக்கு அது பொருந்தும், பலருக்குப் பொருந்தாது. இளம் ஆசிரியர் ஒருவர் கதைப்பது போலப் பேசினால் பிள்ளைகள் ரசிப்பார்கள், அதையே வெளியாள் செய்தால் செயற்கையாகத் தெரியலாம். எளிய எழுத்துத் தமிழை அடிப்படையாக வைத்துக்கொண்டு, யாராவது சொன்னதைச் சொல்லும்போது மட்டும் அவர் சொன்னபடியே சொல்லுங்கள். "இதக் கேக்க உனக்கு ஒரு வருசமா?" என்பதை "இதைக் கேட்பதற்கு உனக்கு ஒரு வருடம் தேவைப்பட்டதா?" என்று திருத்தியிருந்தால் அந்தத் தோழி காணாமல் போயிருப்பாள். "சாதித்திடுவோம்", "வென்றிடுவோம்" என்று இடையில் "இடு" சேர்த்த வினைகள் கவிதைக்குச் சரி. நீங்கள் நேரில் அப்படிச் சொல்லமாட்டீர்கள் என்றால் மேடையிலும் வேண்டாம்.

திருக்குறளை விடச் சொல்வேனா என்று கேட்பீர்கள். "முயற்சி திருவினை ஆக்கும்" என்பது எல்லோர் பேச்சிலும் வருகிறது. அந்தக் குறளின் அடுத்த பாதி, முயலாமல் இருப்பது வறுமைக்குள் தள்ளிவிடும் என்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. உங்கள் கதை அந்தப் பாதியைத் தொடுகிறது என்றால் முழுக் குறளையும் சொல்லுங்கள், நன்றாக இருக்கும். தொடக்கத்துக்கு ஓர் அலங்காரமாக மட்டும் என்றால் எனக்கு விருப்பமில்லை, ஆனால் அது என் ருசி. கேட்கும் ஆசிரியர்கள் சிலர் குறள் இல்லாத பேச்சைக் குறையாக எண்ணக்கூடும், அது உங்கள் தீர்மானம்.

இப்படி வெட்டினால் பேச்சுக் குட்டையாகிவிடும் என்ற பயம் நியாயமானது. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்குக் கிட்டப் போகும் என்பது என் கைக்கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும். அப்படியென்றால் பத்து நிமிடத்துக்கு ஆயிரம் சொல். வெட்டிய பிறகு உங்களிடம் அறுநூறு சொல் மிஞ்சினால் ஆறு நிமிடம் பேசிவிட்டு இறங்குங்கள். ஏற்பாட்டாளரிடம் முதலே சொல்லிவிட்டால் மிச்ச நேரத்தைப் பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடுவார்கள். பழைய வரிகளைத் திரும்பச் சேர்த்து நிரப்ப வேண்டாம். நிரப்பியே ஆக வேண்டுமென்றால், இருக்கும் சம்பவத்துக்குள் போங்கள்: அந்தக் கொப்பியை எந்த இடத்தில் வைத்துக் கேட்டீர்கள், கேட்பதற்கு முதல் எத்தனை கிழமை யோசித்தீர்கள் என்று. ஒரு சம்பவத்தை நீட்டலாம், இரண்டாவது ஒன்றைத் தேடிப்பிடிக்கத் தேவையில்லை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. சொல்ல வேண்டியதை உங்களுக்குள்ளேயே இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் எந்தத் திருத்தமும் உதவாது. சிலருக்குத் தங்கள் தோல்வி இன்னும் ஆறாமல் இருக்கும். அதை மேடையில் எடுக்கச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. அப்படியானால் தோல்விக் கதையை விட்டுவிட்டு, இப்போது செய்யும் வேலையில் ஒரு நாளை உள்ளது உள்ளபடி சொல்லலாம். எந்த நேரத்துக்கு வேலை தொடங்குகிறது, எது கடினம், பாடசாலையில் படித்ததில் எது தினமும் கைகொடுக்கிறது என்று. வேலை என்றால் என்ன என்று யாராவது விபரமாகச் சொல்லமாட்டார்களா என்று காத்திருக்கும் வயது அது.

கடைசி வரிக்குத்தான் பழைய வசனங்கள் மிகவும் அடம்பிடிக்கும். "உங்களால் முடியும், வெற்றி உங்களுக்கே" என்று முடிக்காமல், இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொல்லி முடியுங்கள். அந்த மருந்தாளர், "இன்று வீட்டுக்குப் போகுமுன் உங்களுக்கு விளங்காத ஒன்றை, அது விளங்கிய ஒரு பிள்ளையிடம் கேளுங்கள். நன்றி" என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டார். முதல் நாள் இரவு பேச்சை ஒரு தரம் போனில் பதிவு செய்து கேளுங்கள். வாய் தடக்கும் இடத்தில் வசனம் நீளம் என்று அர்த்தம், அதை இரண்டாக உடையுங்கள். மேடைக்கு முழுப் பிரதியைக் கொண்டுபோக வேண்டாம், அதைப் பார்த்தால் வாசிக்கத் தொடங்கிவிடுவீர்கள். அரைத் தாளில் நன்றி சொல்ல வேண்டிய பெயர், வருடங்கள், ஒருவர் சொன்ன அந்த ஒரு வாசகம், கடைசி வசனம் ஆகியவற்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். இவற்றில் கடைசி வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும், ஏனென்றால் கைதட்டலுக்காக வாய் பழைய வரியைத் தேடுவது அந்த இடத்தில்தான்.